கூப்பன் தளம் கொண்டுவந்த ஆர்டரா, குறுக்கே வந்த கிளிக்கா?

குக்கீ காலத்தை 30 நாளிலிருந்து 7 ஆகக் குறைத்தால் அஃபிலியேட் செலவு இறங்குமா? (ஊறுகாய் விற்பவர், மதுரை)

கமிஷனுக்கு ஆள் அனுப்பும் அஃபிலியேட்டின் கிளிக்குக்குப் பின் ஆர்டர் வர எத்தனை நாள் அவகாசம் என்பதுதான் குக்கீ காலம். அதைக் குறைத்தால் செலவு கொஞ்சம் இறங்கும், ஆனால் தப்பான ஆளுக்குத்தான் அடி விழும். ஊறுகாயைச் சமைத்துப் பார்த்து எழுதும் வலைப்பதிவரின் கிளிக், ஆர்டருக்குப் பத்து நாள் முன்னால் வந்திருக்கலாம். கூப்பன் தளத்தின் கிளிக் இரண்டு நிமிடம் முன்னால் வருகிறது. அதற்கு 7 நாளும் ஒன்றுதான், ஒரு மணி நேரமும் ஒன்றுதான். அமேசான் 24 மணி நேரம்தானே தருகிறது என்று சொல்வீர்கள். அங்கே போனவர் அந்த நேரத்துக்குள் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் கமிஷன் உண்டு. உங்களிடம் ஊறுகாய் மட்டும்தான்.

எங்கள் அஃபிலியேட் சேனலில் ஒரு ரூபாய்க்கு 12 ரூபாய் விற்பனை வருகிறது. நல்லதா?

ரிட்டர்ன் கழித்த கணக்கா? சிஓடியில் கதவு வரை போய்த் திரும்பியவை கழிந்தனவா? கிளிக்கையும் கமிஷனையும் கணக்கு வைக்கும் நெட்வொர்க்கின் கட்டணம், கூப்பன் தள்ளுபடி எல்லாம் அந்த ஒரு ரூபாய்க்குள் இருக்கிறதா? ஒன்றும் சொல்லாமல் 12 என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

ஒரு கூப்பன் தளம் மாதம் 140 ஆர்டர் தருவதாகச் சொல்லி, கமிஷனை 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கச் சொல்கிறது. உயர்த்தலாமா? (குழந்தைகள் ஆடை, திருப்பூர்)

விவரமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. "தருகிறோம்" என்ற அந்தச் சொல்தான் எனக்கு எரிச்சல்.

உங்கள் சராசரி ஆர்டர் 1,200 ரூபாய், அதில் லாபம் 480. 10 சதவீதத் தள்ளுபடி 120, மீதி 1,080க்குக் கமிஷன் சுமார் 110, நெட்வொர்க்குக்கு 30. ஆக ஆர்டருக்கு 260 ரூபாய், 140 ஆர்டருக்கு 36,000 சொச்சம். இதை 480 ஆல் வகுத்தால் 76. அதாவது, அந்தத் தளம் இல்லாவிட்டால் வந்தே இருக்காத ஆர்டர் 76 ஆவது இருந்தால்தான் கை கடிக்காது.

இனி, நீங்கள் அனுப்பிய கிளிக் பட்டியல். 140 இல் 110 பேர் கிளிக் செய்த மூன்று நிமிடத்துக்குள் பணம் கட்டியிருக்கிறார்கள். சட்டையைப் பார்த்து, அளவு தேர்ந்தெடுத்து, முகவரி அடிக்க மூன்று நிமிடம் போதுமா? அவர்கள் ஏற்கெனவே கார்ட்டில் போட்டுவிட்டு, செக்அவுட்டில் காலியாக இருக்கும் கூப்பன் கட்டத்தைப் பார்த்து, உங்கள் கடைப் பெயரோடு 'கூப்பன்' என்று கூகுளில் தேடிப் போனவர்கள். அங்கே கூப்பன் கோடைப் பார்க்க ஒரு பொத்தானை அமுக்கியதும் அந்தத் தளத்தின் பெயரில் குக்கீ விழுந்துவிட்டது. கடைசி கிளிக்குக்கே கமிஷன் என்பது விதி என்பதால், அந்த வாடிக்கையாளரை முதலில் அனுப்பிய வலைப்பதிவருக்குப் பூஜ்யம்.

சந்தேகத்தைத் தீர்க்க, கார்ட்டில் போட்ட நேரத்தையும் கிளிக் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிளிக் பின்னால் வந்திருந்தால் ஆளைக் கொண்டுவந்தது அவர்கள் அல்ல. ஆனாலும் அந்த 110 பேரில் சிலர் தள்ளுபடி கிடைக்காவிட்டால் வாங்காமல் போயிருக்கலாம். அது எத்தனை என்று தெரிய எளிய வழி, இரண்டு வாரம் அந்தத் தளத்தை நிறுத்திவைத்து, அவர்களிடம் இருக்கும் கோடையும் முடக்கி, மொத்த ஆர்டரைக் கவனிப்பது. அவர்களுடைய ரிப்போர்ட்டில் வரும் எண் இல்லை, உங்கள் கடையின் மொத்த எண். பண்டிகை வாரத்தில் செய்யாதீர்கள்.

சோதனை முடியும்வரை உயர்வு கிடையாது. பிறகும் புது வாடிக்கையாளருக்கு முழுக் கமிஷன், பழையவருக்கு 2 சதவீதம் என்று பிரியுங்கள். கூப்பன் கட்டத்தை 'கோடு இருக்கிறதா?' என்ற சின்ன இணைப்புக்குள் மடக்கி வையுங்கள். தேடிப் போகிறவர்கள் அதிலேயே குறைவார்கள். அப்புறம், ரிட்டர்னைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 140 என்பது 120 ஆகலாம்.

இன்ஸ்டாகிராம் பெண்ணுக்கு மட்டும் கொடுத்த கோடு ஐந்து கூப்பன் தளங்களில் கிடக்கிறது.

கிடக்கும். கோடை அவருடைய கணக்கோடு கட்டிவிடச் சொல்லி நெட்வொர்க்கிடம் கேளுங்கள். யாருடைய கிளிக் கடைசியாக வந்தாலும், அந்தக் கோடுக்கு மற்றவர்களுக்குக் கமிஷன் இல்லை. அதையும் மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் இதே வேலையைச் செய்கின்றனவாமே?

ஆமாம், கூகுளுக்குக்கூடப் போகவிடாமல் செக்அவுட் பக்கத்திலேயே. 2025 மார்ச்சில் குரோம் வெப் ஸ்டோர் விதியை இறுக்கியது. பயனருக்குத் தள்ளுபடி மாதிரி நேரடிப் பலன் எதுவும் தராமல் அஃபிலியேட் இணைப்பைச் செருகக் கூடாது என்கிறது. விதி இருப்பதால் தைரியமாக இருந்துவிடாதீர்கள். நீங்களே அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டு உங்கள் கடையில் ஒரு ஆர்டர் செய்து, கோடு கிடைக்காதபோதும் அஃபிலியேட் கிளிக் பதிவாகிறதா என்று பாருங்கள்.

கமிஷனை எப்போது ஒப்புக்கொள்வது?

ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகு. எத்தனை தடவை சொல்வது!