சரங்களை எண்ணலாம், மொழிகளை எண்ண முடியாது: ஏன்?

a, b என இரண்டே எழுத்துகள். இவற்றை அடுத்தடுத்து எழுதினால் கிடைப்பது சரம்; சரங்களின் ஏதோ ஒரு தொகுப்பு மொழி. சரங்களின் எண்ணிக்கைக்கும் முடிவில்லை, மொழிகளின் எண்ணிக்கைக்கும் முடிவில்லை. அப்புறம் ஏன் சரங்களை மட்டும் எண்ணத்தக்கவை என்கிறார்கள்?

எண்ணத்தக்கது என்றால், எதுவும் விடுபடாமல் எல்லாவற்றுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்க முடியும் என்று பொருள். சரங்களை நீளப்படி அடுக்குங்கள்: வெற்றுச் சரம், a, b, aa, ab, ba, bb... ஒவ்வொரு நீளத்திலும் இருப்பவை கொஞ்சம்தான், அதனால் எல்லாவற்றுக்கும் முறை வந்துவிடும். ab ஐந்தாவது. (வெறும் அகராதி வரிசை உதவாது. a, aa, aaa என்றே போய்க்கொண்டிருக்கும், b வரவே வராது.)

இனி மொழிகளுக்கு வருவோம். பள்ளி வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு ஒரு மொழி, கட்டத்துக்கு ஒரு சரம். மொழியில் அந்தச் சரம் இருந்தால் ‘வந்தது’, இல்லையென்றால் ‘வரவில்லை’. எல்லா மொழிகளையும் எழுதி முடித்ததாகவே வைத்துக்கொள்வோம். இப்போது மூலைவிட்டத்தில் இறங்குங்கள். முதல் மொழியில் வெற்றுச் சரம் இருக்கிறதா? புது மொழியில் அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதில் a இல்லையா? சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிக் கிடைக்கும் மொழி, 57ஆவது மொழியோடு 57ஆவது சரத்தில் முரண்படும். ஆக, அது பதிவேட்டில் எங்குமே இல்லை. கணிதவியலாளர் கேன்டர் 1891இல் காட்டிய உத்தி இது.

சரி, விடுபட்டதைச் சேர்த்துவிட்டால்? அந்தப் புதுப் பட்டியலிலும் இதேபோல் இன்னொன்று விடுபடும்.

பலர் குழம்புவது இங்கேதான்: சரம் எப்போதும் முடிவுள்ளது, மொழிக்கு அந்தக் கட்டாயம் இல்லை; முடிவுள்ள மொழிகளை மட்டும் எடுத்தால் அவையும் எண்ணத்தக்கவையே.