நன்றியை எப்போது சொல்வது?

"டர்பனில் இருக்கிறேன். கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடித் தரச் சொல்லி, பழக்கமில்லாத ஒருவருக்கு மெயில் எழுதுகிறேன். 'முன்கூட்டியே நன்றி' என்று முடித்தால் தப்பா? எத்தனை தடவை நன்றி சொன்னால் சரி?"

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லையே. அதற்குள் நன்றி வந்துவிட்டால், முடியாது என்று சொல்ல நினைப்பவருக்குச் சங்கடம். அந்த இடத்தில், "நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, எங்கே தேடலாம் என்று மட்டும் சொன்னால் போதும்" என்று எழுதுங்கள்.

எனக்கும் இப்படி மெயில்கள் வரும். கேட்பவர் தன் பங்கு வேலையை முடித்துவிட்டுக் கேட்டால், அதுதான் எனக்குப் பெரிய மரியாதை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் பதிந்திருக்கும். குடும்பத்தின் பழைய சான்றிதழ்களிலும் அந்த எண் இருக்க வாய்ப்பு உண்டு. எண் இல்லாமல் "முனுசாமி, மெட்ராஸ்" என்று மட்டும் வந்தால் பட்டியல் பட்டியலாகப் புரட்ட வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் வேறு. அந்த மெயிலில் வரிக்கு ஒரு நன்றி இருந்தாலும் வேலை குறையாது.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா எழுதியது இது: "வணக்கம் ஐயா. என் பாட்டியின் அப்பாவைத் தேடுகிறேன். பாட்டியின் கல்யாணச் சான்றிதழில் உள்ள எண்ணைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். கடைசி இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை. எது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அவசரமில்லை." நன்றி என்ற சொல்லே இல்லை, ஆனாலும் உடனே உட்கார்ந்து பார்க்கத் தோன்றியது. ஒன்றில் முடியும் எண் ஒரு பெண்ணுடையது. ஏழில் முடிவது வட ஆர்க்காட்டு இளைஞர் ஒருவருடையது. இரண்டு பதிவையும் அனுப்பினேன்.

"கிடைத்தது ஐயா, ரொம்ப நன்றி" என்று அன்றைக்கே ஒரு வரி வந்தது. அப்புறம் சில வாரம் கழித்து இன்னொரு மெயில்: இளைஞரின் தகப்பன் பெயரை வீட்டில் இருந்த இறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டாராம், பொருந்தியதாம். கிராமத்தின் பெயரை முதல் தடவையாகத் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம். குடும்ப வரலாற்றில் என் பெயரைக் குறிப்பிடலாமா என்றும் கேட்டிருந்தார். தேடியது வீண் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது அந்த மெயிலில்தான். ஆக, உங்களுக்கும் இரண்டு தடவை போதும்: கிடைத்ததும் ஒன்று, அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று சொல்லும்போது இன்னொன்று. பொருந்தாமல் போனாலும் எழுதுங்கள். எது பொருந்தவில்லை என்று தெரிந்தால் அடுத்து எங்கே தேடலாம் என்று அவரால் சொல்ல முடியும்.

பதிலே வரவில்லையென்றால் இரண்டு வாரம் விட்டு ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதிலும் நன்றி வேண்டாம், "இப்போது முடியாதென்றால் வேறு யாரைக் கேட்கலாம்?" என்று கேளுங்கள்.