ரிவார்டட் வீடியோ: கணக்கு போகாமல் டெஸ்ட் பண்ணுவது எப்படி? (கேள்வி பதில்)

யூனிட்டியில் ஆண்ட்ராய்டு கேம் செய்து ஆட்மாப் போடுகிறவர்கள்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

"அக்கா, 'வீடியோ பார்த்தால் 50 காயின்' பட்டன் வைத்துவிட்டேன். என் போனில் நானே பார்க்கலாமா? கிளிக் பண்ண மாட்டேன், பார்க்க மட்டும்தான். கிளிக் பண்ணினால்தானே பிரச்சினை?"

பாதிதான் சரி தம்பி. கிளிக் பெரிய தப்பு, ஆனால் உன் சொந்த விளம்பரத்தை நீயே திரும்பத் திரும்பப் பார்த்து எண்ணிக்கையை ஏற்றுவதும் அதே விதிமீறலில்தான் வரும். ரிவார்டட் வீடியோவில் யாரும் கிளிக் பண்ணாமலே, பார்த்ததற்கே காசு வந்துவிடும், அந்தக் காசு விளம்பரம் கொடுத்தவர் பையிலிருந்து போகிறது. காயின் சரியாக ஏறுகிறதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க நீ 40 தடவை வீடியோ ஓட்டினால், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு நீ டெவலப்பரா திருடனா என்று தெரியாது.

இதற்காகவே கூகுள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டெஸ்ட் ஐடி கொடுத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு ரிவார்டடுக்கு இது:

```
ca-app-pub-3940256099942544/5224354917
```

இது உன் கணக்கோடு எந்த விதத்திலும் ஒட்டாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார், கிளிக்கும் பண்ணு. செட்டிங்கில் போட்ட ஆப் ஐடி உன்னுடையதாகவே இருக்கட்டும், விளம்பர யூனிட் ஐடியை மட்டும் மாற்றினால் போதும். வீடியோ வந்ததும் மேலே Test Ad என்று எழுதியிருக்கும். வேறெதையும் தொடுவதற்கு முன்னால் அதைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள். அது இல்லையென்றால் உடனே ஆப்பை மூடிவிட்டு எந்த ஐடி போயிருக்கிறது என்று தேடு.

"ப்ளே ஸ்டோருக்கு 12 டெஸ்டர், 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டிங் கேட்டார்கள். சித்தப்பா பசங்க, ஹாஸ்டல் நண்பர்கள் என்று 12 பேரைச் சேர்த்து லைவ் ஐடியோடு ரிலீஸ் பில்ட் ஏற்றிவிட்டேன். 'தினமும் வீடியோ பாருங்கடா, அப்போதுதான் ஆக்டிவா தெரியும்' என்று வாட்ஸாப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று மூன்றாவது நாள். சரிதானே?"

இல்லை, இப்போதே நிறுத்து. முதலில் வாட்ஸாப் குரூப்பில் 'கேமை விளையாடுங்கள், வீடியோ பட்டனைத் தொடாதீர்கள்' என்று போட்டுவிட்டு மீதியைப் படி.

கணக்கைப் பார். 12 பேர், ஆளுக்கு நாளைக்கு 10 வீடியோ, 14 நாள் என்றால் 1,680 தடவை. அத்தனையும் அதே 12 போனிலிருந்து, அதில் பாதி ஒரே ஹாஸ்டல் வைஃபையில். வெளியாள் ஒருத்தர்கூட இல்லாத கேமில் இப்படி ஒரு வரத்து வந்தால் அது இயல்பாகவே தெரியாது, போதாததற்கு நீயே பார்க்கச் சொல்லியும் இருக்கிறாய். ப்ளே கேட்பது டெஸ்டர்கள் 14 நாள் தொடர்ந்து இருக்கவேண்டும் என்பதைத்தான். விளம்பரம் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'நீ என் ஆப்பை டெஸ்ட் பண்ணு, நான் உன்னுடையதை' என்று முகம் தெரியாதவர்களை ஏற்பாடு செய்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இந்தத் தப்பு நடப்பதற்குக் காரணம், 'டெவலப்மென்ட் பில்ட் என்றால் டெஸ்ட் ஐடி, ரிலீஸ் என்றால் லைவ் ஐடி' என்று பிரித்து வைப்பதுதான். டெஸ்டர்களுக்குப் போவதும் ரிலீஸ் பில்ட்தானே! அதனால் தலைகீழாக வை. எதுவும் சொல்லாவிட்டால் டெஸ்ட் ஐடி, கடைக்குப் போகும் பில்ட்டில் மட்டும் நாமே கைப்பட எழுதினால் லைவ் ஐடி:

```csharp
#if LIVE_ADS
const string RewardedId = "உன் லைவ் ஐடி";
#else
const string RewardedId = "ca-app-pub-3940256099942544/5224354917";
#endif
```

Player Settings-ல் Scripting Define Symbols என்ற இடத்தில் `LIVE_ADS` சேர்த்தால்தான் லைவ் ஓடும். மறந்துபோனால் ஒரு நாள் வருமானம் போகும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் மறந்தால் கணக்கே போகும்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. 14 நாள் முடிந்ததும் கன்சோலில் அதே பில்ட்டை அப்படியே ப்ரொடக்‌ஷனுக்கு ப்ரொமோட் பண்ண வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் டெஸ்ட் ஐடி உள்ள பில்ட்தான் மக்களுக்குப் போகும், அவர்களுக்குக் காயின் ஏறும், உனக்கு ஒரு பைசா வராது. `LIVE_ADS` போட்டு, வெர்ஷன் கோடை ஒன்று ஏற்றி, புதிதாக ஒரு பில்ட் எடுத்து ஏற்று. நான் கேமின் செட்டிங்ஸ் திரையில், வெர்ஷன் எண்ணுக்குப் பக்கத்தில், ஐடியின் கடைசி நாலு இலக்கத்தைச் சின்னதாகக் காட்டுவேன். 4917 என்று இருந்தால் டெஸ்ட். பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

"VPN போட்டு, வேற ஜிமெயிலில் இருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

அதைச் செய்யாதீர்கள். தெரியாமல் பார்த்தேன் என்று சொல்லலாம், VPN போட்டுத் தெரியாமல் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. டெஸ்ட் ஐடி இலவசமாக இருக்கும்போது இது எதற்கு?

"டெஸ்ட் ஐடியில் எல்லாம் ஓடுகிறது. லைவ் ஐடி போட்டதும் எரர் கோட் 3 வருகிறது. என் ஐடி தப்பா?"

3 என்றால் கோரிக்கை ஒழுங்காகப் போயிருக்கிறது, கொடுக்க விளம்பரம் இல்லை என்று அர்த்தம். ஐடி தப்பாக இருந்தால் பெரும்பாலும் 1 வரும். யூனிட்டை இப்போதுதான் உருவாக்கினீர்கள் என்றால் ஒரு மணி நேரம் விடுங்கள். ஆப்பை ஸ்டோரோடு இணைத்து ஆட்மாப் பார்த்து முடிக்கும்வரை விளம்பரம் குறைவாகத்தான் வரும்.

லைவ் ஐடி ஒழுங்காக இணைந்திருக்கிறதா என்று பார்க்க, உங்கள் போனை டெஸ்ட் டிவைஸாகப் பதிவு செய்யுங்கள். போனை கேபிளில் இணைத்து லாக்கேட்டைத் திறந்து வீடியோவை லோட் பண்ணினால் `setTestDeviceIds` என்று ஒரு வரி வரும், அதில் உங்கள் போனுக்கான நீளமான ஐடி இருக்கும். அதை எடுத்து:

```csharp
var config = new RequestConfiguration();
config.TestDeviceIds.Add("லாக்கில் வந்த ஐடி");
MobileAds.SetRequestConfiguration(config);
```

இதற்கப்புறம் அந்தப் போனில் மட்டும் லைவ் ஐடிக்கே Test Ad வரும். எமுலேட்டருக்கு இது தேவையில்லை, அது தானாகவே டெஸ்ட் டிவைஸ்தான்.

உங்கள் கோடில் ஒன்றைப் பாருங்கள்: லோட் தோற்றதும் அதே இடத்திலேயே மறுபடி லோட் கூப்பிட்டிருக்கிறீர்களா? நெட் இல்லாத இடத்தில் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தோற்றால் கொஞ்சம் விட்டு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் விட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

"வீடியோ முழுசா பார்த்தாலும் சில சமயம் காயின் ஏறுவதில்லை. சில சமயம் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை."

இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். முதலாவது, ஆட்மாப்பின் கால்பேக் யூனிட்டியின் மெயின் த்ரெட்டில் வராது. அதற்குள்ளிருந்து திரையில் உள்ள காயின் எண்ணை மாற்றப்போனால் தடுமாறும். `MobileAds.Initialize` கூப்பிடும் முன்னால் இந்த வரியைப் போட்டுவிடுங்கள்:

```csharp
MobileAds.RaiseAdEventsOnUnityMainThread = true;
```

காயினைக் கொடுக்கவேண்டியது `Show`-க்குக் கொடுக்கும் ரிவார்டு கால்பேக்கில். விளம்பரம் மூடும்போது வரும் நிகழ்வில் கொடுத்தால், பாதியில் மூடுகிறவருக்கும் காயின் போய்ச் சேரும்.

இரண்டாவது, லோட் பண்ணிய விளம்பரம் ஒரு தடவைக்குத்தான், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் காட்டவேண்டும். கேம் திறந்ததும் லோட் பண்ணிவிட்டு, ஆட்டக்காரர் இரண்டு மணி நேரம் கழித்துப் பட்டனைத் தொட்டால் காலாவதியானது கையில் இருக்கும். மூடியதும் அடுத்ததை லோட் பண்ணுங்கள், நேரத்தையும் குறித்து வையுங்கள். விளம்பரம் தயாராக இல்லாதபோது பட்டனை மங்கலாக்கிவிடுவது நல்லது.

"அண்ணன் மகன் என் போனிலேயே என் கேமை விளையாடுவான், கடையில் வந்த வெர்ஷன். கணக்கில் விளம்பர வரம்பு போட்டுவிட்டார்கள். நான் எதுவுமே பண்ணவில்லை! எவ்வளவு நாளில் போகும்?"

பெரும்பாலும் 30 நாளுக்குள் எடுத்துவிடுவார்கள், நீளவும் செய்யலாம். இதற்கு முறையீடு என்று ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். எந்தப் போன் காரணம் என்று சொல்லமாட்டார்கள், அதனால் பையன்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் உள்ள எல்லாப் போனையும் இன்றே டெஸ்ட் டிவைஸ் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எனக்கும் முதல் கேமில், பெயர் வேண்டாம், ஒரு நெட்வொர்க்கில் வரம்பு விழுந்தது. வீட்டுப் போன்களைச் சேர்த்த பிறகு திரும்ப வரவில்லை, ஆனால் அதுதான் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அக்கா, குறுக்கே வருகிறேன். மீடியேஷன் போட்டால் மற்ற நெட்வொர்க் விளம்பரத்தில் Test Ad என்று வராது. முதல் பதிலை நம்பி யாராவது மாட்டிக்கொள்ளப் போகிறார்கள்."

சரியான திருத்தம், நன்றி. நான் சொன்ன அடையாளம் கூகுளின் விளம்பரத்துக்கு மட்டும்தான். மீடியேஷனில் ஒவ்வொரு நெட்வொர்க்கின் தளத்திலும் போய்த் தனித்தனியாக டெஸ்ட் மோடு போடவேண்டும் அல்லது போனைப் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்த போனில் ஆட் இன்ஸ்பெக்டரைத் திறந்து ஒரே ஒரு நெட்வொர்க்கை மட்டும் தேர்ந்து பார்த்தால் எது யாரிடமிருந்து வருகிறது என்று தெரியும். டெஸ்ட் மோடிலும் விளம்பரமே தராத நெட்வொர்க் வந்தால் என்ன பண்ணுவது? நான் அதைக் கடைசியாகத்தான் சேர்ப்பேன். வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

"12 டெஸ்டர் கேட்டவன்தான் அக்கா. டெஸ்ட் ஐடியோடு புது பில்ட் ஏற்றிவிட்டேன். ஆனால் மூன்று பேர் இன்னும் அப்டேட் பண்ணவில்லை, பழையதையே திறக்கிறார்கள்."

அவர்கள் போனை பில்ட் இல்லாமலே பதிவு செய்யலாம். போன் செட்டிங்ஸில் Google, அதற்குள் Ads என்று போனால் விளம்பர ஐடி இருக்கும். அதை உனக்கு அனுப்பச் சொல், ஆட்மாப் தளத்தில் Settings-க்குள் Test devices-ல் சேர்த்துவிடு. உடனே வேலை செய்யும் என்று நினைக்காதே, கொஞ்ச நேரம் ஆகலாம். அதுவரை வீடியோ பட்டனைத் தொடவேண்டாம் என்று சொல். அவர்கள் அந்த விளம்பர ஐடியை ரீசெட் பண்ணினால் பதிவும் போய்விடும், அதையும் சொல்லி வை. போன மூன்று நாளில் ஓடியதைத் திரும்ப எடுக்க வழியில்லை தம்பி. அதற்காகப் புதுக் கணக்கு மட்டும் தொடங்கிவிடாதே.