அரைப்பைக் கலவைக்கு ஏழரை இஞ்சிப் பெட்டி

உப்புவெளி, வீட்டுக்காரர்: ஐயா, பின்பக்கம் 12க்கு 10 அடி அறைக்கு அஞ்சு இஞ்சியில தட்டுப் போடப் போறம். வாடகை மிக்சர் சின்னது, முழுப்பை கொள்ளாது எண்டு மேசன் சொல்றார். அரைப்பை எண்டால் பெட்டி என்ன அளவு? எத்தினை பை வாங்க?

மேசன் சொன்னது சரி. அந்தச் சின்ன ரம் பெரும்பாலும் 150 லீற்றர் உலர் சாமான்தான் கொள்ளும். 1:2:4 கலவைக்கு முழுப்பை போட்டால் எல்லாம் சேர்ந்து 250 லீற்றருக்குக் கிட்ட வரும், பாதி வெளியே கொட்டும். அரைப்பைக்கு 124 லீற்றர்தான், தாராளமாகப் பிரளும்.

50 கிலோ பையை ஒன்றேகால் கன அடி என்று கொள்வது வழக்கம். அதில் பாதிக்குப் பெட்டி அடியுங்கள்: உள்ளளவு 12 இஞ்சி நீளம், 12 இஞ்சி அகலம், ஏழரை இஞ்சி உயரம். தச்சரிடம் 'உள்ளளவு' என்று இரண்டு தரம் சொல்லுங்கள். ஒரு இஞ்சிப் பலகையில் வெளியளவுக்கு அடித்தால் உள்ளே 10க்கு 10 ஆகிவிடும், பெட்டி மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு பக்கமும் கைபிடி நீட்டி வையுங்கள். அரைப்பை சீமெந்துக்கு மணல் 2 பெட்டி, சல்லி 4 பெட்டி. நிரப்பி, சட்டத்தால் வாயோரமாக வழித்துவிட வேண்டும். குவிக்கவும் கூடாது, குத்தி அமுக்கவும் கூடாது.

ஒரு ரம் கலவை இறுகிய பிறகு ஏறத்தாழ 2.8 கன அடி வரும். உங்கள் தட்டு 50 கன அடி. ஆகவே 18 ரம், அதாவது 9 பை. சேதாரத்துக்கு ஒரு பை கூட வாங்குங்கள். பீம் இருந்தால் அது தனிக் கணக்கு. வரைபடத்தில் பொறியியலாளர் வேறு கலவை எழுதியிருந்தால் அதுதான், என் கணக்கு இல்லை.

கிண்ணியா, மேசன்: நாங்க சவளால எண்ணித்தான் போடுறது. பெட்டி தூக்கித் தூக்கிக் கொட்டினா நேரம் போயிடும் ஐயா. இத்தனை வருசமா ஒரு பிளேட்டும் விழல்லையே.

விழாது தம்பி. 1:2:4 போட்ட இடத்தில் 1:2½:5 போயிருந்தாலும் உடனே விழாது. ஒன்று செய்து பாருங்கள். காலையில் முதல் பெட்டிக்கு எத்தனை சவள் மணல் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். பின்னேரம், அதே ஆள் களைத்த பிறகு, திரும்பவும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் சவளாலேயே போடுங்கள், நான் தடுக்கவில்லை.

அதே மேசன்: எண்ணிப் பாத்திட்டுச் சொல்றன். ஆனா வேகம் குறையும், அது குறையும்தான்.

தம்பலகாமம், இளைஞர்: அப்ப சீமெந்தையும் அதே பெட்டியால அளக்கலாமோ? பையை வெட்டிப் பாதியாக்கிறது கரைச்சலா இருக்கு.

வேண்டாம். பையிலிருந்து கொட்டிய சீமெந்து காற்றை வாங்கிப் பொங்கும். பெட்டி நிறைந்த மாதிரித் தெரியும், உள்ளே 25 கிலோ இராது. பையை நிலத்தில் படுக்கப் போட்டு நடுவால் குறுக்கே சவள் விளிம்பால் வெட்டி, இரண்டு பாதியையும் நிமிர்த்தி வையுங்கள். முதல் பையின் பாதியைத் தூக்குத் தராசில் ஒருதரம் போட்டுப் பார்த்தால் அடுத்ததற்குக் கை தானாகப் பழகிவிடும். பாதி கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பையின் மறுபாதி அடுத்த ரம்முக்கே போக வேண்டும், இரண்டு கலவையையும் பக்கத்துப் பக்கத்திலே கொட்டுங்கள்.

மூதூர், ஒப்பந்தக்காரர்: மார்கழி மழையில மணல் ஈரம். ஈர மணல் பாரம் கூடத்தானே, அதால மணலையும் கொஞ்சம் குறைச்சு, தண்ணியையும் குறைச்சுப் போடுறன். சரிதானே?

தண்ணீரைக் குறைப்பது சரி. மணலைக் குறைப்பது நேர்மாறு, கூட்ட வேண்டும். லேசாக நனைந்த மணலில் ஒவ்வொரு மணியையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் இருக்கும், அது மணிகளை நெருங்க விடாது. அதனால் பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். நீங்கள் அதிலும் குறைத்தால் கலவையில் சல்லிதான் மிஞ்சும். சல்லி இப்படிப் பொங்காது, அதன் நாலு பெட்டி நாலு பெட்டிதான்.

எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நேரான பக்கமுள்ள போத்தலில் அன்றைய மணலை 20 சென்ரிமீற்றருக்குத் தளர்வாகப் போடுங்கள். அதை வெளியே கொட்டி, பாதிப் போத்தல் தண்ணீர் எடுத்து, மணலைத் திரும்ப அதற்குள் போட்டுக் கிளறிப் படிய விடுங்கள். 16க்கு இறங்கினால் 20ஐ 16ஆல் பிரியுங்கள்: ஒன்றேகால். இரண்டு பெட்டிக்குப் பதிலாக இரண்டரைப் பெட்டி. அதற்காகவே பெட்டியின் உள்ளே மூன்றேமுக்கால் இஞ்சியில் ஒரு கோடு கீறி வைப்பது நல்லது.

ஒரு விசித்திரம்: இரவு முழுக்கக் கொட்டிய மழையில் சொட்டச் சொட்ட நனைந்த மணல் பொங்கியிராது, திரும்ப அடங்கிவிடும். அதற்கு இரண்டு பெட்டியே போதும், தண்ணீரை மட்டும் நன்றாகக் குறைக்க வேண்டும். குவியலின் மேலும் அடியும் வேறு வேறாக இருக்கும். ஆகவே போத்தல் சோதனை ஒவ்வொரு காலையும், குவியலின் நடுவிலிருந்து எடுத்து.

தண்ணீர்க் கணக்கு இது. அரைப்பைக்கு மொத்தம் 14 லீற்றருக்கு உள்ளே நிற்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து ஈரமுள்ள மணலே ஏறத்தாழ 3 லீற்றர் கொண்டு வரும், நீங்கள் ஊற்றுவது 11 அளவில். பெயின்ற் வாளியில் கோடு போட்டு ஊற்றுங்கள், குழாயைப் பிடித்து ரம்முக்குள் நீட்ட விடாதீர்கள்.

சீனன்குடா, ஒரு அக்கா: எங்கட பீமில பலகை கழட்டின உடன சல்லி பல்லுப் பல்லாத் தெரியுது. அதுவும் ஈர மணலாலயோ? மேசன் பூசினாச் சரி எண்டுறார்.

பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது அக்கா. அடிப்பலகைப் பொருத்து ஓரமாக மட்டும் ஓட்டை என்றால் சீமெந்துப் பால் கசிந்து போயிருக்கும், அது பலகையின் பிழை. கம்பி நெருக்கமான இடத்தில் மட்டும் என்றால் குத்தி இறக்கியது காணாது. பீம் நீளத்துக்கும் அப்படியே இருந்தால் மணல் குறைந்தது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். எதுவானாலும் கம்பி வெளியே தெரிந்தால், பூச முதல் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பூசினால் மறையும், அவ்வளவுதான்.

நிலாவெளி, வீட்டுக்காரர்: எங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். கலக்கலாமோ?

கம்பி போடுகிற வேலைக்கு வேண்டாம், கம்பி கறள் பிடிக்கும். கடற்கரை மணலைக் கழுவாமல் போடுவதும் அதேதான். குடிக்கிற தண்ணீரை பவுசரில் எடுங்கள்.

உப்புவெளி, வீட்டுக்காரர்: ஐயா, இன்னொண்டு. மெசினில அளவு எழுதின தகடு இல்லை, 150 லீற்றர்தானோ தெரியாது. முதல் ரம்மில வெறும் சல்லியாத்தான் வரும் எண்டும் பயமுறுத்துறாங்க.

தகடு இல்லையென்றால் முதல் ரம்மிலேயே பாருங்கள். அரைப்பைக்கே வாயால் சிந்தினாலோ, உள்ளே பிரளாமல் கட்டியாகச் சுற்றினாலோ ரம் சின்னது, அல்லது உள் தகடுகள் தேய்ந்திருக்கும். எது என்று நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் ரம் பற்றிச் சொன்னது உண்மை. காய்ந்த ரம்மின் சுவரில் சாந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் அதற்கு மட்டும் சல்லி 3 பெட்டி. மற்ற ரம்களுக்குக் கொஞ்சத் தண்ணீரும் 2 பெட்டி சல்லியும் முதலில், பிறகு மணல், சீமெந்து, மிச்சச் சல்லி, கடைசியில் மிச்சத் தண்ணீர். எல்லாம் உள்ளே போன பிறகு 2 நிமிடம் சுற்ற வேண்டும். நிறம் ஒரே மாதிரி வராமல் கொட்ட விடாதீர்கள்.