அலுவலக அழைப்பில் உங்கள் பெயர் முதலில், வீட்டு அழைப்பில் அவர்களின் உறவுமுறை முதலில்

கேள்வி: யாங்கோனில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். போனில் மரியாதையாகப் பேச்சைத் தொடங்குவது எப்படி? ஆபீஸில் பேசுகிற மாதிரியே வீட்டிலும் பேசுகிறேன் என்று பெரியம்மா வருத்தப்படுகிறார்.

பதில்:

பருப்பு ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அலுவலக அழைப்பில் எதிர்முனையில் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, பேசுவது யார், எங்கிருந்து என்பதுதான். வீட்டு அழைப்பில் பெரியவர்கள் முதலில் எதிர்பார்ப்பது, தங்களை நீங்கள் முறை சொல்லி அழைப்பதை. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து வருபவையே.

பயின்நவுங் சந்தையில் உள்ள ஒரு கடைக்கு, உளுந்து லோடின் பில் இன்னும் வரவில்லை என்று கேட்க அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும் "யார் பேசுறீங்க?" என்று கேட்காதீர்கள்; அழைத்தவர் நீங்கள் என்பதால் முதலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவரும் நீங்களே. "மிங்கலாபா கம்யா" என்று சொல்லி, நீங்கள் பெண்ணாக இருந்தால் "கம்யா" என்பதற்குப் பதிலாக "ஷின்" என்று சொல்லி, உடனே கம்பெனியின் பெயரையும் அடுத்து உங்கள் பெயரையும் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயரும் வெளியில் ஒரு பர்மியப் பெயரும் இருப்பதால், கம்பெனிக் கடிதங்களில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே சொல்வது நல்லது. இல்லாவிட்டால் பில்லில் ஒரு பெயரும் போனில் வேறொரு பெயருமாகி, கணக்குப் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

அடுத்து, யாரிடம் பேச வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். பர்மியரின் பெயரை வெறுமனே சொல்லக் கூடாது. வயதுக்கும் நிலைக்கும் ஏற்றபடி முன்னால் ஆணுக்கு "ஊ", பெண்ணுக்கு "டோ", இளையவர் என்றால் ஆணுக்கு "கோ", பெண்ணுக்கு "மா" சேர்க்க வேண்டும். எது பொருந்தும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஆணை "சயா" என்றும் பெண்ணை "சயாமா" என்றும் அழைத்தால் யாரும் மனம் கோண மாட்டார்கள். அவர் லைனுக்கு வந்த பிறகும் விஷயத்தைக் கொட்டிவிடாமல், இப்போது ஒரு நிமிடம் பேசலாமா என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருங்கள். காலை வேளையில் சந்தைக்காரர்கள் ஒரு கையில் போனும் மறு கையில் பேரமுமாக நிற்பார்கள். நீங்கள் பேசப் பேச "ஹொட்கே, ஹொட்கே" என்று சொல்லிக்கொண்டே இருப்பது, காதில் விழுகிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டால், பில் மாலையிலும் வந்து சேராது.

வீட்டு அழைப்பில் இந்த ஒழுங்கு அப்படியே தலைகீழாகிவிடும். "ஹலோ, நான் இன்னார் பேசுகிறேன்" என்று உங்கள் பெரியம்மாவிடம் தொடங்கினால், அவர் காதுக்கு யாரோ வேற்றாள் பேசுவது போலத்தான் இருக்கும். "பெரியம்மா, நான்தான், சௌக்கியமா இருக்கீங்களா?" என்று உறவுமுறையை முதல் வார்த்தையாக வைத்தாலே போதும், குரலை வைத்தே உங்களைத் தெரிந்துகொள்வார். காது மந்தமான தாத்தாவிடமும், அடிக்கடி பேசாத சொந்தக்காரர்களிடமும் மட்டும் "மோல்மீன் சின்னவர் மகன் பேசுறேன்" என்பது போல, அவர்கள் அறிந்த வீட்டு வழியில் உங்களைச் சொல்லிக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் பர்மியப் பெயர் எடுபடாது. பிறகு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை முழுதாகக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். பெரியம்மா வருத்தப்படுவது இந்த இடம் விடுபட்டுப் போவதால்தான் என்று நினைக்கிறேன்.

விடியற்காலையிலோ இரவு வெகுநேரம் கழித்தோ அழைக்க நேர்ந்தால் மட்டும் நலம் விசாரிப்பதற்கும் முன்னால், "பயப்படாதீங்க, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள். அகாலத்தில் மணி அடித்தாலே பெரியவர்களுக்கு நெஞ்சு பதறிவிடும், அந்தப் பதற்றம் அடங்கும்வரை நீங்கள் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறாது. தமிழ்நாட்டுச் சொந்தங்களை அழைக்கும்போது அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நமக்குக் காலை 6 மணி என்றால் அவர்களுக்கு 5 மணிதான்.

இரண்டும் கலந்து வரும் இடம்தான் சற்றுச் சிரமமானது. சந்தையில் கடை வைத்திருக்கும் மாமாவை வேலை விஷயமாக அழைக்க வேண்டியிருந்தால், அவருடைய கடைப்பையன் போனை எடுத்தால் அலுவலக முறைப்படி கம்பெனியையும் பெயரையும் சொல்லுங்கள், மாமா லைனுக்கு வந்ததும் "மாமா, சௌக்கியமா? கம்பெனி விஷயமாத்தான் கூப்பிட்டேன், இப்ப பேசலாமா?" என்று கேளுங்கள். இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால், வீட்டுக் கதையை அவர் மாலைக்கு வைத்துக்கொண்டு பில் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார்.