படிக்கட்டை எங்கே வைப்பீர்கள்?

"இருபதுக்கு நாற்பது அடி மனை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. டூப்ளெக்ஸ் கட்டினால் படிக்கட்டே இடத்தைத் தின்றுவிடும் என்கிறார்கள். ஒரே தளத்தில் முடித்துவிடலாமா?"

முன்னால் 5 அடியும், பின்னாலும் ஒரு பக்கத்திலும் 3 அடியும் விட்டால், கட்ட மிஞ்சுவது 17-க்கு 32, அதாவது 544 சதுர அடி. எவ்வளவு விட வேண்டும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சுவர்க் கனம் போனால் உள்ளே சுமார் 470 சதுர அடிதான். ஹால், சமையலறை போக, இதில் இரண்டு சிறிய படுக்கையறைகளுக்கு மேல் வராது. வளரும் பிள்ளைகளில் ஒருவர் ஹாலில்தான் படுக்க வேண்டியிருக்கும். ஆகவே உங்களுக்கு டூப்ளெக்ஸ்தான். அம்மாவின் அறையும் அதையொட்டிய கழிப்பறையும் மட்டும் கீழேயே இருக்கட்டும்.

படிக்கட்டு தின்னும் இடத்தையும் கணக்கிட்டுவிடலாம். தளத்துக்குத் தளம் 10 அடி என்றால், 7 அங்குல உயரத்தில் 17 படிகள். மிதி 10 அங்குலம், அகலம் 3 அடி. நடுவில் திரும்பும் படிக்கட்டாக வைத்தால் ஏறக்குறைய 6-க்கு 10 அடி போகும். இரண்டு தளத்திலும் சேர்த்து 120 சதுர அடி. ஆனால் ஒற்றைத்தள வீட்டிலும் தண்ணீர்த் தொட்டிக்கு மொட்டைமாடி ஏறப் படி வேண்டுமே! நஷ்டம் நினைத்த அளவுக்கு இல்லை.

இந்த இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் பலர் படியை 8 அங்குல உயரத்துக்கு ஏற்றி, மிதியைக் குறுக்கிவிடுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது குதிகால் மட்டுமே மிதியில் நிற்கும். வரைபடத்தில் படிகளை எண்ணிப் பாருங்கள்: 10 அடிக்கு 15 என்றிருந்தால் திருப்பி அனுப்புங்கள். படியின் திருப்பத்துக்கு அடியில் கழிப்பறை வைக்கலாம் என்று மேஸ்திரி சொன்னாலும் இசையாதீர்கள். ஒன்பதாவது படியில் திரும்பினால் அந்த இடம் தரையிலிருந்து ஐந்தேகால் அடி. கான்கிரீட் கனம் போக 5 அடிகூட நிற்காது. தரையைத் தாழ்த்தினால் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் கிடைக்காது. மோட்டார், செருப்பு அலமாரி வைக்க அந்த இடம் போதும்.

படியை ஹால் நடுவே அலங்காரமாக வைப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். விருந்தாளி உட்கார்ந்திருக்க, குளித்துவிட்டு வரும் பெண் அவர் எதிரே இறங்கி வர வேண்டும். டிவி சத்தமும் தாளிக்கும் நெடியும் மாடிக்கு ஏறிவிடும். தலைவாசலைத் தாண்டியதும் நாலடி நடை ஒன்று விட்டு, அதிலிருந்து படியை ஏற்றுங்கள். ஹாலுக்கு அந்த நடையிலிருந்து தனிக் கதவு. மாடியில் ஒரு மூலையில் சிங்க் குழாய்க்கும் கழிவுநீருக்கும் இப்போதே வழி விட்டுவிட்டால், பிள்ளைகள் வெளியூர் போனபின் மாடியைத் தனி வீடாக வாடகைக்கு விடலாம். குடிவருபவர் உங்கள் ஹாலுக்குள் கால் வைக்கவே தேவையிருக்காது.