வாடகை வீட்டில் வாஷிங் மெஷினுக்கு வடிகால்: வீட்டுக்காரரிடம் எதைக் கேட்பது?

"கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஃப்ரண்ட் லோட் மெஷின் வாங்கிவிட்டோம். குழாயும் வடிகாலும் போட்டுத் தரச் சொல்லி ஓனரிடம் எப்படிக் கேட்பது?"

வடிகாலைப் பற்றி முதலில் பேசுங்கள். பாத்ரூம் தண்ணீர் லைனில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டு, அரை இஞ்ச் பைப் இழுத்து டேப் மாட்டுவது சின்ன வேலை. ஓனர் தயங்குவது தரையை உடைக்கணுமே என்றுதான். உடைக்காத வழியைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேச்சு முடிந்தது.

மெஷினைக் கொல்லைப்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பை இரண்டரை அடி உயரத்துக்குச் சுவரோடு நிறுத்தி, அடியில் பி ட்ராப் என்கிற வளைவு பைப் வைத்து, சுவரில் ஒரே ஒரு துளை போட்டு வெளியே எடுத்துவிடலாம். வெளியே மூன்று அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் போதும். ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பதால் நாற்றமும் கரப்பானும் ஏறாது. ஒரு இஞ்ச் பைப்பே போதும் என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பம்ப் வேகமாகத் தள்ளும்போது தண்ணீர் மேலே பொங்கிவிடும்.

மெஷினின் ஹோஸை அந்தப் பைப்பில் அரை ஜாண் மட்டும் விடுங்கள், சுற்றி எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். காற்றுப் போக இடமில்லாவிட்டாலும், ஹோஸைத் தரையில் போட்டாலும், டிரம்மில் ஏறுகிற தண்ணீர் தானாக வெளியே இழுத்துக்கொண்டு போகும். மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும், துவைக்கத் தொடங்காது. மெஷினே கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் செய்பவர்கள் பலர்.

அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் ஓனரிடம் பேசிவிடுங்கள். ஒரு துவைப்புக்குச் சுமார் 50 லிட்டர் வரும். நம் பக்கத்துக் களிமண்ணில் உறிஞ்சுகுழி மெதுவாகத்தான் இழுக்கும், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிவிட்டால் குழி நிரம்பியே நிற்கும். சமையலறைத் தண்ணீர் விழும் இடத்தில் மூன்று வாளியை ஒரே மூச்சில் கொட்டி, அரைமணி கழித்துப் பாருங்கள். தேங்கி நின்றால் குழியைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், அல்லது தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். செப்டிக் டேங்கில் மட்டும் விடவேண்டாம், அவ்வளவு தண்ணீர் திடீரென்று விழுந்தால் அடியில் படிந்த கசடு கலங்கி வெளியே வந்துவிடும்.

ஓனருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாராவது சொல்லலாம். பழுது பார்ப்பது வேறு, இல்லாததைப் புதிதாகப் போடுவது வேறு. அதனால் உரிமையாக அல்ல, கணக்காகக் கேளுங்கள்: "அண்ணே, தரையை உடைக்கவேண்டாம், சுவரில் ஒரு துளைதான். பைப்பும் டேப்பும் வீட்டோடு இருக்கட்டும், சாமான் செலவு உங்களுடையது, கூலி நான் தருகிறேன்." அவர் சம்மதித்ததை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யும்போது அந்தத் துளைக்கே அட்வான்ஸில் பிடிப்பார்கள். இன்று புதிதாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகளில்கூட இந்தப் பாயிண்ட் இல்லாததுதான் எனக்கு ஆற்றாமை. பூச்சு வேலைக்கு முன்பே வைத்திருந்தால் இரண்டு பைப் செலவோடு முடிந்திருக்கும்.